கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் மிஞ்சும்?

டாக்சிக்கென்றே மாருதி 2023-இல் கொண்டுவந்த டிசையர் டூர் எஸ் காரின் சிஎன்ஜி மாடல், ஒரு கிலோ கேஸில் 32.12 கிலோமீட்டர் ஓடும் என்றது விளம்பரத் தாள். சோதனைக் கூடத்தில் அளந்த, அரசு ஒப்புக்கொண்ட எண் அது. அதே காரை சென்னையில் ஏசி போட்டு, கிண்டி கத்திபாரா, வடபழனி, மத்திய கைலாஷ் என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டினால் கிலோவுக்கு 22 முதல் 25 கிலோமீட்டர் வரைதான் கிடைக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சோதனையில் நெரிசல் இல்லை, மே மாத வெயில் இல்லை, பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் இல்லை. ஆனால் 32-ஐ வைத்து மாத வருமானத்தைக் கணக்குப் போட்டு டியூவில் கையெழுத்துப் போடுபவருக்கு, முதல் மாதமே துண்டு விழும்.

சென்னையில் ஓலா, ஊபர், ராபிடோ போன்ற செயலிகளில் ஓட்டுவதற்காகச் சொந்தமாக முதல் மஞ்சள் போர்டு வண்டி வாங்கப் போகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விலை, மைலேஜ், சொகுசு, உழைப்பு என்று ஷோரூமில் நான்கையும் தனித்தனியாகப் பேசுவார்கள். ஓட்டுபவருக்கோ இந்த நான்கும் சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் வந்து நிற்கும்: சக்கரம் உருண்ட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், எல்லாச் செலவும் போக, கையில் என்ன மிஞ்சுகிறது?

‘உருண்ட ஒவ்வொரு கிலோமீட்டர்’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பயணி காசு கொடுப்பது அவர் ஏறிய இடத்திலிருந்து இறங்கிய இடம் வரைக்கும் மட்டும். அவரை ஏற்றப் போன தூரம், இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்காகச் சுற்றிய தூரம், இரவு வீடு திரும்பிய தூரம் எல்லாம் காலி ஓட்டம். நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இப்படிக் காலியாகப் போவது சாதாரணம். கேஸும் டயரும் அந்தக் கிலோமீட்டர்களுக்கும் கரைகின்றன. அதனால்தான் லோக்கல் செயலி ஓட்டத்துக்கு எரிபொருள் செலவு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகிறது. வெளியூர் டூர் வண்டிக்கு நிலைமை வேறு. அங்கே ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வரைக்கும் கிலோமீட்டர் கணக்கு ஓடும், டிரைவர் பாட்டாவும் தனியாக வரும். காலி ஓட்டம் என்று அதிகம் இருக்காது.

லோக்கல் ஓட்டத்துக்கு ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்களை அவரவர் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், வழிமுறை மாறாது. ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை, மொத்த ஓட்டம் 180 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 4,500 கிலோமீட்டர். செயலிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு நாள் கலெக்‌ஷன் 2,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் மாதம் 62,500 ரூபாய்.

சிஎன்ஜி கிலோ 91 ரூபாய், பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைப்போம். கிலோவுக்கு 23 கிலோமீட்டர் தரும் சிஎன்ஜி செடான் காருக்கு ஒரு கிலோமீட்டர் எரிபொருள் செலவு கிட்டத்தட்ட 4 ரூபாய். அதே கார் பெட்ரோலில் நகரத்துக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தந்தால், 6 ரூபாய் 30 காசு. சிஎன்ஜி வண்டி ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் பெட்ரோல் குடிக்கும், அதற்கு மாதம் 500 ரூபாய் சேர்த்துக்கொண்டாலும் சிஎன்ஜியில் மாதச் செலவு ஏறத்தாழ 18,300 ரூபாய். பெட்ரோலில் 28,400 ரூபாய். வித்தியாசம் பத்தாயிரம். அந்த டூர் எஸ் வந்த 2023-இல் பெட்ரோல், சிஎன்ஜி மாடல்களுக்கு இடையே ஷோரூம் விலையில் இருந்த வித்தியாசம் 85,000 ரூபாய். ஆக, கூடுதலாகக் கொடுத்த பணம் ஒன்பது மாதத்தில் திரும்பிவிடும். இந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் மட்டும் உள்ள கார் கட்டுப்படியாகாது என்பதில் இரண்டாவது யோசனையே தேவையில்லை.

ஆனால் அந்தப் பத்தாயிரம் ரூபாயை அப்படியே எண்ணிக் கையில் வாங்க முடியாது. இடையில் பங்க் வரிசை இருக்கிறது.

சிஎன்ஜியை 200 பார் அழுத்தத்தில் அடைத்தால்தான் சிலிண்டர் நிரம்பும். டிசையரில் இருக்கும் 55 லிட்டர் சிலிண்டரில் நல்ல அழுத்தம் உள்ள பங்கில் எட்டு கிலோவையொட்டிப் பிடிக்கும். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் நிரப்பி அழுத்தம் இறங்கிப்போன நேரத்தில் ஆறு கிலோவோடு நின்றுவிடும். எட்டு கிலோ என்றால் 184 கிலோமீட்டர், ஒரு நாள் ஓட்டம் முடிந்துவிடும். ஆறு கிலோ என்றால் 138 கிலோமீட்டர்தான். மாலையில் சவாரி சூடுபிடிக்கும் நேரத்தில் மறுபடி வரிசைக்குப் போக வேண்டும், அல்லது மீதித் தூரத்தைப் பெட்ரோலில் ஓட்ட வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி ஒரு மணி நேரத்துக்கு 208 ரூபாய் கலெக்‌ஷன். அந்த நேரத்தில் எரியும் கேஸுக்கு 60 ரூபாய் கழித்தால், வரிசையில் போகும் ஒவ்வொரு மணிக்கும் 150 ரூபாய் நஷ்டம். தினம் ஒரு மணி நேரம் நின்றால் மாதம் 3,750 ரூபாய். இரண்டு மணி நேரம் என்றால் 7,500. சிஎன்ஜியால் மிஞ்சிய பத்தாயிரத்தில் முக்கால் பங்கு வரிசையிலேயே போய்விட்டது.

ஆகவே கார் பார்க்கப் போகும் முன் பங்கைப் போய்ப் பார்ப்பது நல்லது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பங்க் இருக்கிறதா? இரவு பதினொரு மணிக்கும் அதிகாலை ஐந்து மணிக்கும் அங்கே எத்தனை வண்டி நிற்கிறது? நிரப்பிவிட்டு வெளியே வரும் டிரைவரிடம் எத்தனை கிலோ பிடித்தது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். சவாரி குறைந்த நேரத்தில் பத்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளும் வசதி இருப்பவருக்கு சிஎன்ஜியின் முழு லாபமும் கிடைக்கும்.

இனி மற்ற செலவுகள். வண்டி, இன்சூரன்ஸ், பதிவு, பர்மிட் எல்லாம் சேர்த்து சாலைக்கு வர 8.25 லட்சம் ஆகிறது, கையிலிருந்து 1.75 லட்சம் போட்டு 6.5 லட்சம் கடன் வாங்குகிறார் என்று வைப்போம். பத்தரை சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாத டியூ கிட்டத்தட்ட 14,000 ரூபாய். டயர், சர்வீஸ், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் சேர்த்து கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் பத்து காசு வீதம் மாதம் 5,000 ஒதுக்க வேண்டும். இன்சூரன்ஸ், சாலை வரி, எஃப்சி போன்ற வருடச் செலவுகளை மாதமாகப் பிரித்தால் 3,500. போன், பார்க்கிங், வண்டி கழுவுவது 2,000. கேஸும் சேர்த்து மொத்தம் 42,800 ரூபாய் செலவு. மிச்சம் 19,700 ரூபாய். முந்நூறு மணி நேர உழைப்புக்கு, மணிக்கு 65 ரூபாய்தான் ஆகிறது. அதே கார் பெட்ரோலாக இருந்தால் 9,600 ரூபாய்தான் மிஞ்சும்.

இந்தக் கணக்கில் ஐந்து நாள் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட வேண்டும். கலெக்‌ஷன் ஐம்பதாயிரமாகக் குறையும். கேஸும் தேய்மானமும் அதற்கேற்பக் குறையும், ஆனால் டியூவும் இன்சூரன்ஸும் குறையாது. கையில் நிற்பது ஏறத்தாழ பன்னிரண்டாயிரம். ஐந்தில் ஒரு பங்கு நாள் போனதற்கு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. டியூவைத் தாங்க முடியுமா என்பதை நல்ல மாதத்தை வைத்துப் பார்க்கக் கூடாது, இந்த மாதத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டியூவைக் குறைக்க ஏழு வருடத் தவணை கிடைக்கும் என்று கடன் கொடுப்பவர்கள் ஆசை காட்டுவார்கள். அதே 6.5 லட்சத்துக்கு மாதம் 11,000 ரூபாய்தான். மூவாயிரம் குறைகிறது. ஆனால் மொத்தமாகக் கட்டும் பணம் 82,000 ரூபாய் கூடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், மாதம் 4,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஏழாவது வருட முடிவில் 3.78 லட்சம் கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். இன்ஜின் வேலையும் டியூவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் காலம் அது. டாக்சிக் கடன் ஐந்து வருடத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் கட்ட முடியாத காராக இருந்தால் அது கொஞ்சம் பெரிய கார் என்றே அர்த்தம்.

உழைப்பு என்று வரும்போது, டிரைவர்கள் இன்றைக்கும் பேசுவது டொயோட்டா எட்டியோஸைப் பற்றி. 2010 இறுதியில் வந்து 2020-இல் நின்றுபோன கார். அதன் டீசல் இன்ஜின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் சளைக்காது என்ற பெயர், கிட்டத்தட்ட 590 லிட்டர் டிக்கி, தாழ்வான சமமான பின்தரை எல்லாம் அதை டாக்சிக்கே செய்த கார் ஆக்கின. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் சின்ன டீசல் கார்களைத் தயாரிப்பது கட்டுப்படியாகாமல் மாருதி டீசலையே விட்டுவிட்டது, எட்டியோஸும் போனது. பழைய எட்டியோஸை வாங்கி ஓட்டலாமே என்ற ஆசை பலருக்கு உண்டு. வெளியூர் ஓட்டத்துக்கு ஓரளவு சரி. செயலிக்கு வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட செயலி டாக்சி நெறிமுறைகள், முதல் பதிவிலிருந்து எட்டு ஆண்டைக் கடந்த வண்டிகளைச் சேர்க்கக் கூடாது என்கின்றன. மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி காட்டினால் போதும், அதன் பிறகு வருடா வருடம் காட்ட வேண்டும். பழைய வண்டி எந்த விலைக்கு வந்தாலும், எட்டு ஆண்டு முடிய எத்தனை மாதம் மிச்சம் என்று எண்ணி, விலையை அந்த மாதங்களால் வகுத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

உழைப்பு என்பது இன்ஜின் மட்டும் அல்ல. ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் வண்டி நின்றால் கேஸ் செலவு போக 1,800 ரூபாய் வரை போகிறது. அதனால் உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பார்த்த கார்தான் டாக்சிக்கு ஏற்றது. டிசையரும் வேகன் ஆரும் ஸ்டாண்டுகளை நிறைத்திருக்க அதுவே பெரிய காரணம். கிளட்ச் பிளேட்டோ லோயர் ஆர்மோ போனால் பேட்டைக்குப் பேட்டை கிடைக்கும், மாலைக்குள் வண்டி ஓடும். அதிகம் விற்காத கம்பெனியின் கார் இரண்டு லட்சம் தள்ளுபடியில் வந்தாலும், ஒரு சென்சாருக்காக நான்கு நாள் காத்திருந்தால் அந்தத் தள்ளுபடி கரையத் தொடங்கும். வாரன்டியையும் வருடத்தில் எண்ணக் கூடாது. ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரன்டி, இந்த ஓட்டத்துக்கு 22 மாதத்தில் முடிந்துவிடும்.

சிஎன்ஜிக்கென்று சில தனிப் பராமரிப்புகள் உண்டு. வறண்ட எரிபொருள் என்பதால் வால்வு சீட்டுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் சீக்கிரம் தேயும். கம்பெனியே பொருத்தித் தரும் வண்டிகளில் அதற்கேற்ற வால்வு சீட் இருக்கும். வெளியில் கிட் மாட்டினால் அது இருக்காது, வாரன்டியும் போகும். பெட்ரோலில் நன்றாக இழுக்கும் வண்டி கேஸுக்கு மாறியதும் குலுங்கி, இழுவை குறைந்தால், முதலில் பிளக்கையும் காயிலையும் கேஸ் ஃபில்டரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பெட்ரோல் டேங்கைக் காய விடுவது பலர் செய்யும் தவறு. டேங்குக்குள் இருக்கும் ஃபியூயல் பம்பைக் குளிர வைப்பது அந்தப் பெட்ரோல்தான். ஐந்து லிட்டராவது எப்போதும் இருந்தால் பம்ப் பிழைக்கும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்து சான்று வாங்க வேண்டும். பழைய சிஎன்ஜி வண்டி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய காகிதம் அதுதான்.

சொகுசு என்றதும் டச் ஸ்கிரீனும் அலாய் வீலும் நினைவுக்கு வரக் கூடாது. டாக்சிப் பயணி கவனிப்பது இரண்டே விஷயம்: ஏசி, டிக்கி. மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் நின்ற காரில் நான்கு பேரை உட்கார வைத்து, சிக்னலில் நிற்கும்போது பின் சீட்டுக்குக் குளிர் வருகிறதா என்று டெஸ்ட் டிரைவிலேயே பார்த்துவிடலாம். சின்ன இன்ஜின் கார்களில் சிலவற்றுக்கு இந்தச் சோதனை கடினம்.

டிக்கி இன்னும் பெரிய விஷயம். சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியில் குறுக்கே படுத்துக்கொண்டால் பெரிய சூட்கேஸ் ஒன்று வைப்பதே கஷ்டம். விமான நிலையத்தில் நான்கு பெட்டியோடு நிற்கும் குடும்பம், ‘என்னண்ணே, டிக்கியே இல்லையே’ என்று சவாரியை ரத்து செய்துவிட்டால், அவரை ஏற்ற வந்த தூரமும் காலி ஓட்டமாகிவிடும். டாடா டிகோர் போன்ற கார்களில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தரைக்கு அடியில் வைத்துத் தரும் மாடல்கள் உண்டு. விமான நிலையம், சென்ட்ரல், எழும்பூர் என்றே ஓட நினைப்பவர் மைலேஜில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறைந்தாலும் இந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். அலுவலகம் போகிறவர்களையும் மருத்துவமனைக்குப் போகிறவர்களையும் ஏற்றி ஓடுபவருக்கு அது தேவையில்லை.

ஓட்டுபவரின் சொகுசைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நெரிசலில் ஒரு நாளில் எத்தனையோ நூறு முறை மிதிபடும் கிளட்ச், கடினமாக இருந்தால் இடது முழங்கால் ஆறே மாதத்தில் பேசும். சீட்டு உயரம் பொருந்தாவிட்டால் இடுப்பு. ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிட ஓட்டத்தில் இது தெரியாது. மாலை ஆறு மணி நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேட்பது வாங்குபவரின் உரிமை. வலி வந்து மாதம் இரண்டு நாள் விடுமுறை எடுத்தால், அதுவும் கலெக்‌ஷனில் ஐயாயிரம்.

எலெக்ட்ரிக் கார் பற்றிச் சுருக்கமாக. வீட்டில் சார்ஜ் போட்டால் ஒரு யூனிட்டில் ஆறு ஏழு கிலோமீட்டர் ஓடும், கிலோமீட்டர் செலவு ஒன்றேகால் ரூபாயைச் சுற்றித்தான் வரும். 2018 முதல் பர்மிட்டும் வேண்டாம். ஆனால் பொது சார்ஜிங் நிலையத்தில் வேக சார்ஜ் போட்டால் அந்தச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, சிஎன்ஜிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, காத்திருக்கும் நேரமும் சேர்கிறது. தெருவில் வண்டியை நிறுத்தும் வாடகை வீட்டுக்காரருக்கு இது இப்போதைக்கு ஒத்துவராது. சொந்த வீடும், உள்ளே நிறுத்த இடமும், தனி மின் இணைப்பும் இருப்பவர் தாராளமாகப் பார்க்கலாம்.

எர்டிகா போன்ற ஏழு சீட்டர் மீது பலருக்கும் கண். திருவண்ணாமலை, மேல்மருவத்தூர், வேளாங்கண்ணி என்று குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் கூப்பிட ஆள் இருந்தால், தெரிந்த டிராவல்ஸ் இரண்டு மூன்று கையில் இருந்தால், அது நல்ல வண்டி. அந்தத் தொடர்பு இல்லாமல் செயலியை மட்டும் நம்பி வாங்கினால், கூடுதல் டியூவைச் சுமந்துகொண்டு செடான் சவாரியைத்தான் பெரும்பாலும் ஓட்ட நேரும்.

சென்னைக்குள் செயலியில் ஓட்டப் போகும் முதல் வண்டிக்காரருக்கு, வீட்டு வழியில் பங்க் இருந்தால், கம்பெனி சிஎன்ஜி பொருத்திய செடான்தான் இன்றைய நிலையில் சரியான தேர்வு. வேகன் ஆர் போன்ற சின்ன கார் டியூவைக் குறைக்கும், ஆனால் செடான் சவாரி அதற்கு வராது. கையில் ஒன்றே முக்கால் லட்சம் முன்பணம் இல்லாதவர், இன்னொருவர் வண்டியில் ஆறு மாதம் ஆக்டிங் ஓட்டி, தினமும் மொத்த ஓட்டத்தையும் காசு வந்த ஓட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, தன் சொந்த எண்களோடு ஷோரூமுக்குப் போகட்டும்.